தனக்குத்தானே அனுப்பும் செய்தி நேரத்துக்கு ஒலிக்குமா? வாட்ஸ்அப், டெலிகிராம், காலண்டர், அலாரம்: ஓர் ஒப்பீடு

கடைப் பட்டியல், வண்டி எண், யாரோ சொன்ன மருத்துவரின் பெயர், நாளைக்கு எடுத்துப் போக வேண்டிய ஆவணம் ஆகியவற்றைத் தன் எண்ணுக்கே செய்தியாக அனுப்பி வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பலருக்கும் உண்டு. வாட்ஸ்அப் இதற்கென்று தனி உரையாடலை 2022 நவம்பரில் அறிவித்தது. அதற்கு முன்பு, வீட்டில் ஒருவரைச் சேர்த்துக் குழு ஒன்றைத் தொடங்கி, உடனே அவரை நீக்கிவிட்டு, ஒற்றை ஆள் குழுவைக் குறிப்பேடாக வைத்திருந்தவர்கள் ஏராளம். எழுதி வைப்பதற்கு இதைவிட எளிய இடம் போனில் இல்லை என்பதால், அடுத்ததாக எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எழுதியது எழுதியபடி கிடக்காமல், உரிய நேரத்தில் அதுவே ஒலியெழுப்பி என்னைக் கூப்பிடுமா? கூப்பிடும் என்றால் நினைவூட்டலுக்கென்று தனிச் செயலி எதற்கு?

இந்தக் கேள்விக்குச் செயலியைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரு செயலியில் இது நன்றாகவே நடக்கிறது. பெரும்பாலோர் தினமும் பயன்படுத்தும் மற்றொன்றில் நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது. வேறு சில வேலைகளுக்கு, நன்றாக நடக்கும் செயலியைக்கூடப் பயன்படுத்தக் கூடாது. எனவே நான்கு வழிகளை எடுத்துக்கொண்டு, ஒரே வேலையை நான்கிலும் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், நேரத்தை யார் காத்து நிற்கிறார்கள் என்பது. நீங்கள் குறித்த நேரம் நிறுவனத்தின் சர்வரில் காக்கப்படுகிறதா, உங்கள் போனுக்குள்ளேயே காக்கப்படுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் போன் அணைந்திருந்தால், இணையம் இல்லாவிட்டால், புதுப் போனுக்கு மாறிவிட்டால் என்ன ஆகும் என்பது தீர்மானமாகிறது.

இரண்டாவது, ஒலி வரும்போது விவரமும் சேர்ந்து வருகிறதா என்பது. "டிக்கெட்" என்ற ஒற்றைச் சொல்லோடு போன் ஒலித்தால், எந்த ரயில், எத்தனை பேர், யாருக்குக் கீழ்ப்படுக்கை என்று தேடத் தொடங்கும் அந்த நேரத்திலேயே இருக்கைகள் தீர்ந்துவிடும்.

மூன்றாவது அளவுகோலைத்தான் பலரும் யோசிப்பதில்லை: அந்த ஒலியை நீங்கள் கவனிக்காமல் விட்டால் பிறகு என்ன நடக்கிறது? குறிப்பு "முடியவில்லை" என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்குமா, அல்லது மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விடுமா? என் கருத்தில் நினைவூட்டும் கருவியின் தரத்தை இதுவே காட்டுகிறது. ஒலியெழுப்புவதை எந்தக் கருவியும் செய்துவிடும்.

இவற்றோடு, மாதாமாதம் திரும்பி வரும் வேலையைத் தாங்குமா என்பதையும், எழுதியதை வேறு யாரும் படிக்க முடியுமா என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும். எழுதும் வேகத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. அதில் உரையாடல் செயலிகள் வெல்கின்றன என்பதில் யாருக்கும் ஐயமில்லை, இந்தப் பழக்கம் பரவியதே அதனால்தான்.

## சோதனைக்கு எடுத்துக்கொண்ட வேலை

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் பொங்கலுக்குக் குடும்பத்தோடு திருநெல்வேலி போக வேண்டும். ஜனவரி 13 அன்று எழும்பூரிலிருந்து இரவு ரயில். 2024 நவம்பர் 1 முதல் ரயில்வேயின் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. பயண நாளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஜனவரி 13 பயணத்துக்கு முன்பதிவு நவம்பர் 14 காலை 8 மணிக்குத் திறக்கும். பண்டிகை நாட்களுக்கான ரயில்களில் சில நிமிடங்களிலேயே காத்திருப்புப் பட்டியல் தொடங்கிவிடும் என்பது தெற்கே போகும் எவருக்கும் தெரியும்.

இந்த வேலைக்கு இரண்டு நினைவூட்டல்கள் வேண்டும். முதல் நாள் மாலை ஒன்று: முன்பதிவுக் கணக்கில் நுழைய முடிகிறதா, கடவுச்சொல் நினைவிருக்கிறதா, கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா, பயணிகளின் பெயர்களும் வயதும் முன்கூட்டியே சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க. மறுநாள் காலை 7.40க்கு இன்னொன்று, இப்படி:

"8 மணிக்கு டிக்கெட். 12631 நெல்லை, எழும்பூர் – திருநெல்வேலி, ஜன. 13. ஸ்லீப்பர், 4 பேர். அப்பாவுக்குக் கீழ்ப்படுக்கை. கிடைக்காவிட்டால் 12633 கன்னியாகுமரி. (60 நாள் கணக்கு.)"

கடைசியில் இருக்கும் "60 நாள் கணக்கு" என்ற குறிப்பு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. பல மாதங்கள் முன்பே எழுதி வைக்கும் நினைவூட்டல், எழுதிய அன்றைய விதியைத் தனக்குள் சுமந்துகொண்டு வருகிறது. 120 நாள் விதி மாறியதுபோல இதுவும் மாறக்கூடும். எந்தக் கணக்கின்படி அந்தத் தேதி வந்தது என்பது செய்தியிலேயே இருந்தால், விதி மாறிய செய்தியைக் கேள்விப்பட்டதும் எதைத் திருத்த வேண்டும் என்பது உடனே தெரியும்.

## வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்புவது

புது உரையாடல் தொடங்கும் பொத்தானைத் தொட்டால், தொடர்புகளின் மேற்பகுதியில் உங்கள் பெயரும் அதன் அருகில் "Message yourself" என்ற வரியும் தெரியும். அதைத் திறந்து எழுதினால் அதுவே குறிப்பேடு. படம், குரல் பதிவு, ஆவணம், இருப்பிடம் எல்லாம் அதில் போகும், தேடினால் கிடைக்கும், உரையாடலைப் பட்டியலின் உச்சியில் பொருத்தியும் வைக்கலாம்.

ஆனால் ஒலி வராது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே கணக்கு என்பதால், நீங்கள் அனுப்பும் செய்தி உங்களுக்குப் புதுச் செய்தியாகக் கருதப்படுவதில்லை. வேறொருவருக்கு நீங்கள் அனுப்பும் செய்திக்கு உங்கள் போன் ஒலிக்காததைப் போலத்தான் இதுவும். ஒரே போனில் இரண்டு எண்கள் வைத்திருப்பவர்கள், ஓர் எண்ணிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பி ஒலியை வரவழைக்கிறார்கள். ஒலி வருகிறதுதான், ஆனால் அனுப்பிய அந்த நொடியிலேயே வருகிறது. நவம்பர் 14 காலை 7.40க்கு அது வர வேண்டுமென்றால், நவம்பர் 14 காலை 7.40க்கு நீங்கள் அனுப்ப வேண்டும்.

உங்கள் போனில் இருக்கும் பதிப்பில், ஒரு செய்தியை அழுத்திப் பிடித்துத் திறக்கும் பட்டியலில் நினைவூட்டும் விருப்பம் ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப் புது வசதிகளை எல்லோருக்கும் ஒரே நாளில் தருவதில்லை, எனவே பக்கத்தில் இருப்பவரின் போனில் இருப்பது உங்களுடையதில் இல்லாமல் போகலாம். இருந்தால், இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் சோதனையைச் செய்துவிட்டுப் பிறகு நம்புங்கள். இல்லாவிட்டால், செய்திகளை நேரம் குறித்து அனுப்பித் தருவதாகச் சொல்லும் வெளிச் செயலிகளைத் தேடிப் போகாதீர்கள். அவற்றுள் பல "Accessibility" அனுமதியைக் கேட்கின்றன. அந்த அனுமதியைக் கொடுத்தால், திரையில் தெரிவதைப் படிக்கவும் உங்கள் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும். வங்கிச் செயலியும் அதே போனில்தான் இருக்கிறது. டிக்கெட் நினைவூட்டலுக்காகக் கொடுக்கிற விலை அல்ல அது.

செய்திகளைப் பொருத்தி வைக்கும் வசதியும் இங்கே உண்டு. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று காலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் செய்தி உரையாடலின் மேலே நிற்கும். அது உரையாடலைத் திறந்தால் கண்ணில் படும், அவ்வளவே. காலம் முடிந்ததும் ஓசையில்லாமல் இறங்கிவிடும்.

இதன் பலம் இரண்டு. ஒன்று, செய்தி முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதால் இடையில் நிறுவனம் அதைப் படிக்க முடியாது. மற்றொன்று, அன்றாடம் பலமுறை திறக்கும் செயலி என்பதால் குறிப்பு கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். மறைந்திருக்கும் செலவு காப்புப்பிரதியில் இருக்கிறது. செய்திகளின் மூலப்பிரதி உங்கள் போனில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் காப்புப்பிரதி கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. இடம் நிறைந்து காப்புப்பிரதி நின்றுபோனது தெரியாமல் போன் உடைந்தால், குறிப்பேடும் அதோடு போகும்.

டிக்கெட் வேலைக்கு இதை வைத்துக்கொண்டால்: விவரம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், நேரத்துக்குக் கூப்பிட ஆள் இருக்காது.

## டெலிகிராமின் "Saved Messages"

தலைப்பில் கேட்ட கேள்விக்கு நேரடியாக "ஆம்" என்று சொல்வது இந்த வழிதான். டெலிகிராம் 2019 செப்டம்பரில் நேரம் குறித்துச் செய்தி அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தபோது, தனக்குத்தானே பேசும் "Saved Messages" உரையாடலில் அதையே நினைவூட்டலாக மாற்றிவிட்டது. செய்முறை இவ்வளவுதான். "Saved Messages" உரையாடலைத் திறந்து செய்தியை எழுதுங்கள். அனுப்பும் பொத்தானைத் தொட்டுவிடாமல் அழுத்திப் பிடியுங்கள், கணினியில் என்றால் அதன்மீது வலது சொடுக்குச் செய்யுங்கள். "Set a Reminder" என்று வரும். அதைத் தொட்டுத் தேதியையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. குறித்த நேரத்தில் அந்தச் செய்தி உரையாடலுக்குள் வந்து விழும், போனும் ஒலிக்கும், பூட்டுத்திரையிலேயே முழு விவரமும் தெரியும். காத்திருக்கும் நினைவூட்டல்கள் இருக்கும்போது எழுதும் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னம் தோன்றும். அதைத் தொட்டால் வரிசையில் நிற்கும் எல்லாவற்றையும் பார்க்கலாம், திருத்தலாம், நேரம் மாற்றலாம், நீக்கலாம்.

நேரத்தைக் காப்பது சர்வர் என்பதுதான் இதன் பெரிய வசதி. நினைவூட்டலை எழுதிய பிறகு போனைத் தொலைத்து, அதே எண்ணில் புதுப் போன் வாங்கி நுழைந்தாலும், நவம்பர் 14க்கான செய்தி அங்கேயே காத்திருக்கும். குறித்த நேரத்தில் போன் அணைந்திருந்தால், போனை இயக்கி இணையம் வந்ததும் செய்தி வந்து சேரும். ஆனால் 8 மணி வேலைக்கு 9 மணிக்கு வருவதால் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓராண்டு வரை முன்கூட்டிக் குறிக்கலாம், ஓர் உரையாடலில் 100 வரை வரிசையில் நிறுத்தலாம். ஆக, இந்தப் பொங்கல் முடிந்து திரும்பும்போதே அடுத்த பொங்கலுக்கான முன்பதிவு நாளைக் குறித்துவைக்கலாம்.

அதிகம் பேர் அறியாத ஒரு வழி, பதிலாக எழுதும் நினைவூட்டல். ஏற்கெனவே அந்த உரையாடலில் ஒரு ஆவணமோ ரசீதின் படமோ இருந்தால், அதற்குப் பதில் எழுதுவதுபோலத் தொடங்கி, "வங்கிக்கு எடுத்துப் போ" என்று எழுதி, நாளைக் காலை 10 மணிக்குக் குறித்துவிடுங்கள். ஒலி வந்ததும் அந்தப் பதிலைத் தொட்டால் மூல ஆவணத்துக்கே நேராகப் போய்விடலாம், தேட வேண்டியதில்லை. காலண்டரில் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, இங்கே "முடிந்தது" என்று குறிக்கும் பெட்டி கிடையாது. ஒலி ஒருமுறை வரும், அதோடு சரி. பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது வந்த அறிவிப்பை விரலால் தள்ளிவிட்டால், அந்த வேலை நிலுவையில் இருக்கிறது என்று பிறகு எதுவும் சொல்லாது; அது பழைய செய்திகளில் ஒன்றாகிவிடும். இதற்கு ஒரு கட்டுப்பாட்டைப் பழக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை: வேலை முடிந்தால் அந்தச் செய்தியை அழித்துவிட வேண்டும், முடியாவிட்டால் அப்போதே நகலெடுத்து வேறு நேரத்துக்கு மீண்டும் குறிக்க வேண்டும். நிரந்தரமாகச் சேமிக்க நினைக்கும் சுட்டிகளையும் படங்களையும் இதே உரையாடலில் கொட்டி வைப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு நிலைக்காது. அவர்கள் சேமிப்புக்கென்று தனக்கு மட்டுமான சேனல் ஒன்றைத் தொடங்கி, "Saved Messages" உரையாடலை நினைவூட்டல்களுக்கு மட்டும் விடுவது நல்லது.

இரண்டாவது குறை, டெலிகிராமை நாம் வைத்திருக்கும் விதத்தால் வருவது. பலருடைய போனில் டெலிகிராம் என்றாலே தேர்வுக் குறிப்புக் குழுக்கள், சலுகை விலைச் சேனல்கள் என்று ஓயாத இரைச்சல். அதைத் தாங்காமல் செயலியின் அறிவிப்புகளை ஒட்டுமொத்தமாக அணைத்து வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் நினைவூட்டலும் ஊமைதான். செயலியின் அறிவிப்பு அமைப்பில் தனி உரையாடல்கள், குழுக்கள், சேனல்கள் என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. பின்னிரண்டை மட்டும் அணைத்து, தனி உரையாடல்களுக்கான ஒலியை விட்டுவைக்க வேண்டும். போனின் பேட்டரிச் சேமிப்பு அமைப்பும் இதேபோல் அறிவிப்பைத் தடுக்கக்கூடும், அதைச் சோதனைப் பகுதியில் பார்ப்போம்.

மூன்றாவது, ரகசியம். "Saved Messages" முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்ட உரையாடல் அல்ல. செய்திகள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன, மறையாக்கத்தின் சாவியும் நிறுவனத்திடமே இருக்கிறது. எல்லாக் கருவிகளிலும் ஒரே குறிப்பேடு தெரிவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. டிக்கெட் விவரத்துக்கு இதனால் கேடில்லை. கடவுச்சொல், ஏடிஎம் ரகசிய எண், ஆதார் நகல், மருத்துவ அறிக்கை போன்றவற்றை இங்கே வைக்கக் கூடாது. அலுவலகக் கணினியிலும் டெலிகிராம் திறந்திருந்தால், நினைவூட்டல் அந்தத் திரையின் மூலையிலும் எட்டிப்பார்க்கும். கூட்டத்தில் எல்லோருக்கும் திரையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது "மூல நோய் மாத்திரை" என்று அது வந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

## காலண்டரும் பணிப் பட்டியலும்

ஆண்ட்ராய்டில் கூகுள் காலண்டர், அதோடு இணைந்த கூகுள் டாஸ்க்ஸ்; ஐபோனில் அதன் சொந்தக் காலண்டரும் ரிமைண்டர்ஸும். இங்கே எழுதுவதற்குக் கூடுதலாகச் சில தொடுதல்கள் தேவை என்பதாலேயே பலர் உரையாடலுக்கு ஓடுகிறார்கள். ஆனால் மூன்றாவது அளவுகோலில் இது மற்ற மூன்றையும் முந்துகிறது, ஒரு நிபந்தனையோடு.

கூகுள் காலண்டரில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது அது நிகழ்வா, பணியா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நிகழ்வு என்பது நேரம் கடந்ததும் கடந்துபோய்விடும். திருமணத்துக்குப் போகாவிட்டால் அந்தத் திருமணம் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை அல்லவா. பணி என்பது நீங்கள் முடிந்ததாகக் குறிக்கும்வரை நிலுவையாக நிற்கும். கட்டணம் கட்டுவது, கடிதம் அனுப்புவது போன்றவற்றை நிகழ்வாகப் பதிந்துவிட்டு, "காலண்டர் எனக்கு ஒத்துவரவில்லை" என்று கைவிட்டவர்கள் பலர். அவர்கள் தேர்ந்தெடுத்த வகைதான் தவறு. நிகழ்வுக்கு வேறொரு பலம் உண்டு: ஒரே நிகழ்வுக்கு முதல் நாள் ஒன்று, 20 நிமிடம் முன்பு ஒன்று என்று பல அறிவிப்புகள் வைக்கலாம். டிக்கெட் வேலை 8 மணி தாண்டினால் ஏறக்குறையப் பயனற்றது என்பதால், அதை நிகழ்வாகப் பதிந்து இரண்டு அறிவிப்புகள் வைப்பதே பொருத்தம். விவரத்தைக் குறிப்புப் பெட்டியில் எழுதலாம். ஆனால் ஒலிக்கும்போது பூட்டுத்திரையில் தலைப்பு மட்டும்தான் தெரியும் என்பதால், ரயில் எண்ணைத் தலைப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

திரும்பி வரும் வேலைகளுக்கு இதற்கு நிகரில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. "இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 10ஆம் தேதி" என்று பணியை ஒருமுறை பதிந்தால் போதும். இதையே உரையாடலில் ஒவ்வொரு செய்தியாகக் குறித்தால் ஆண்டுக்கு ஆறு செய்திகள் எழுத வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, ஆறாவது முடிந்ததும் அடுத்த ஆறை எழுத யார் நினைவூட்டுவது?

பதிவு கூகுள் கணக்கில் இருப்பதால் புதுப் போனுக்கும் வந்துவிடும். அறிவிப்பு ஏற்கெனவே போனுக்குள் வந்து சேர்ந்திருப்பதால் அந்த நேரத்தில் இணையம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒலிக்கும். மறைந்திருக்கும் செலவு என்றால், அலுவலகக் கணக்கின் காலண்டரில் தெரியாமல் பதிந்துவிடுவதுதான். அதை உடன் பணிபுரிவோர் பார்க்க வாய்ப்பிருக்கிறது, வேலை மாறும்போது கணக்கும் போய்விடும். பதியும்போது எந்தக் கணக்கு என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## கடிகார அலாரம்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், கை வைத்து நிறுத்தும்வரை அல்லது அதன் கால வரம்பு முடியும்வரை ஒலித்துக்கொண்டிருக்கும். தொந்தரவு செய்யாதே நிலையிலும் பொதுவாக அலாரத்துக்கு அனுமதி உண்டு. அதன் பெயர்ப் பெட்டியில் நான்கைந்து சொல் எழுதலாம். ஆனால் போன் முற்றிலும் அணைந்திருந்தால் பெரும்பாலான போன்களில் ஒலிக்காது. புதுப் போனுக்குத் தானாக வந்து சேரும் என்று நம்ப முடியாது. இரண்டு மாதம் கழித்து வரும் தேதிக்கு வைக்கும் வசதி எல்லாக் கடிகாரச் செயலியிலும் இல்லை.

உரையாடல் செயலியின் அறிவிப்பு ஒரு சிறு ஒலி. அலாரம் தூக்கத்திலிருந்து எழுப்பும். விடியற்காலைப் பேருந்துக்கும், வேளை தவறக் கூடாத மாத்திரைக்கும் அலாரத்தைத்தான் வைக்க வேண்டும், டெலிகிராமை அல்ல.

## ஒரே பார்வையில்

| | வாட்ஸ்அப் | டெலிகிராம் | காலண்டர், பணிப் பட்டியல் | அலாரம் |
|---|---|---|---|---|
| குறித்த நேரத்தில் ஒலி | நம்ப முடியாது | உண்டு, ஒருமுறை | உண்டு; நிகழ்வுக்குப் பலமுறை | நிறுத்தும்வரை |
| நேரம் காக்கப்படும் இடம் | எங்கும் இல்லை | சர்வர் | கணக்கிலும் போனிலும் | போன் |
| ஒலியோடு விவரம் | – | முழுச் செய்தியும் | தலைப்பு | சில சொற்கள் |
| கவனிக்காமல் விட்டால் | – | பழைய செய்தியாகிவிடும் | பணி நிலுவையாக நிற்கும் | தொடர்ந்து ஒலிக்கும் |
| திரும்பி வரும் வேலை | பொருந்தாது | பொருந்தாது | மிகப் பொருத்தம் | தினசரிக்குப் பொருத்தம் |
| ரகசியம் | முனைக்கு முனை மறையாக்கம் | சர்வரில், நிறுவனத்தின் சாவி | கணக்கு வழங்குபவரிடம் | போனுக்குள் |

## எந்த நிலையில் எது

ஒருமுறை வந்து முடிகிற வேலை, குறித்த நேரத்தில் கையில் விவரம் இருக்க வேண்டும், அந்நேரம் விழித்திருப்பீர்கள், போனில் டெலிகிராம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் "Saved Messages" உரையாடலே போதும். வேறொரு செயலி தேவையில்லை. டிக்கெட் வேலை இந்த வகைதான். நவம்பர் 13 மாலை 8 மணிக்கு ஒரு செய்தி, 14 காலை 7.40க்கு மற்றொன்று, அன்று காலை தூங்கிவிடும் ஆபத்து இருந்தால் 7.30க்கு ஓர் அலாரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், அது எந்த விவரத்தையும் சுமக்க வேண்டியதில்லை.

நினைவூட்டலுக்காக மட்டும் டெலிகிராமைப் புதிதாக நிறுவலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அன்றாடம் திறக்காத செயலியை ஆண்ட்ராய்டு மெல்ல ஒதுக்கத் தொடங்கும், நீங்களும் அதன் அறிவிப்பைக் கவனிக்கப் பழகியிருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவர்கள் குறிப்பை வாட்ஸ்அப்பிலேயே எழுதிக்கொண்டு, நேரத்தை மட்டும் காலண்டரிடம் ஒப்படைக்கலாம்: காலண்டர் பதிவின் தலைப்பில் "டிக்கெட் 12631, விவரம் வாட்ஸ்அப்பில்" என்று இருந்தால் போதும். இரண்டு இடங்களில் வைக்கிறோமே என்று தயங்க வேண்டியதில்லை. குறிப்பைத் திருத்தினால் காலண்டரைத் தொட வேண்டியிராது, நேரம் மாறினால் குறிப்பைத் தொட வேண்டியிராது.

கட்டணம், காப்பீட்டுத் தவணை, வாகனப் புகைச் சான்று போன்ற திரும்பும் வேலைகளும், தவறினால் அபராதம் விழும் வேலைகளும் பணிப் பட்டியலுக்கு உரியவை. எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் அவற்றை உரையாடலில் வைக்காதீர்கள்.

## நம்பும் முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை எளிது. ஐந்து நிமிடம் கழித்து வருமாறு ஒரு நினைவூட்டலைக் குறித்து, திரையை அணைத்துப் போனை மேசையில் வையுங்கள். ஒலி வராவிட்டால் குறை அறிவிப்பு அனுமதியிலோ, அணைத்து வைத்த ஒலியிலோ இருக்கிறது.

அது வெற்றி என்றால், அண்மையில் திறந்த செயலிகளின் பட்டியலிலிருந்து டெலிகிராமைத் தள்ளி மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது ஒலி வராமல், நீங்கள் செயலியைத் திறந்த அந்தக் கணத்தில் செய்தி வந்து விழுந்தால், போனின் பேட்டரிச் சேமிப்பு குறுக்கே நிற்கிறது என்று பொருள். அமைப்புகளில் செயலியின் பக்கத்துக்குப் போய், "Battery" பகுதியில் "Unrestricted" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நிறுவனங்களின் போன்களில் "Autostart" என்று தனி அனுமதியும் இருக்கும், அதையும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதை இரவு செய்ய வேண்டும். காலை நீங்கள் வழக்கமாகப் போனை எடுக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பு ஒரு நினைவூட்டலைக் குறித்துவிட்டு, போனை மின்னேற்றியில் இணைக்காமல் தூங்கப் போங்கள். பல மணி நேரம் அசையாமல் கிடக்கும் போன் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய் அறிவிப்புகளைத் தாமதிக்கக்கூடும் என்பதால், பகலில் தேறிய போன் இங்கே தோற்கலாம். காலையில் பார்க்க வேண்டியது செய்தியில் இருக்கும் நேரத்தை அல்ல, அது சர்வர் இட்ட நேரம், எப்போதும் சரியாகவே இருக்கும். ஆண்ட்ராய்டின் அறிவிப்பு வரலாற்றை இரவே அமைப்புகளில் இயக்கி வைத்து, போனுக்கு அது எத்தனை மணிக்கு வந்தது என்பதை அதில் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால், அந்தப் போனில் காலை வேலைகளுக்குக் காலண்டரையோ அலாரத்தையோ வைத்துக்கொண்டு, டெலிகிராம் நினைவூட்டலைப் பகல் வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.